எப்போது ஆரம்பித்தது அந்தத் தலைவலி?

கேள்வி: நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. போன மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பாடம் நடக்கும்போதே "மிஸ், தலை பயங்கரமா வலிக்குது" என்று அழுதாள். தைலம் தேய்த்து பெஞ்சில் படுக்க வைத்தோம். ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. செய்தது சரிதானா என்று இன்னும் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த குறுவள மையக் கூட்டத்தில், இப்படித் திடீரென்று கடுமையான தலைவலி வந்தால் என்ன முதலுதவி என்று மற்ற ஆசிரியர்களுக்கு அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார் எங்கள் எச்.எம். டாக்டர் இல்லாத நான் அவர்களிடம் என்ன சொல்வது?

பதில்: முதலில் அந்த மாணவியைப் பார்ப்போம். நாளைக்குப் பள்ளிக்குப் போனதும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்கு வலி எப்படி ஆரம்பித்தது என்று கேளுங்கள். காலையிலிருந்தே லேசாக இருந்தது, வெயிலில் ப்ரேயருக்கு நின்ற பிறகு கூடிக்கொண்டே போனது, முன்பும் இப்படி வந்திருக்கிறது, அம்மாவுக்கும் ஒற்றைத் தலைவலி உண்டு என்று சொன்னால் அது பெரும்பாலும் மைக்ரேன். அவசரமில்லை. ஒருமுறை டாக்டரிடம் காட்டி, கண்பார்வையையும் ரத்த அழுத்தத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஆனால் "நல்லாத்தான் மிஸ் இருந்தேன், திடீர்னு யாரோ பின்னந்தலையில அடிச்ச மாதிரி இருந்துச்சு" என்று சொன்னால், இப்போது அவள் ஓடியாடிக்கொண்டிருந்தாலும் பெற்றோரை வரவழைத்து அன்றைக்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மூளையின் ரத்தக்குழாயில் சின்னதாக ஒரு கசிவு ஏற்பட்டுத் தானாகவே நின்றுவிடுவதுண்டு. வலி அடங்கிவிட்டது என்பதால் கசிவே இல்லை என்று ஆகிவிடாது. ஒரு மாதம் கடந்துவிட்டதால் சாதாரண சி.டி. ஸ்கேனில் பழைய ரத்தம் தெரியாமல் போகலாம், வேறு ஸ்கேன் தேவைப்படலாம். அதனால் வலி வந்த தேதியையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் நீங்கள் எடுக்கும் வகுப்பிலும், வலி எப்படி ஆரம்பித்தது என்கிற இந்த ஒரு கேள்விக்குத்தான் பாதி நேரத்தை ஒதுக்கச் சொல்வேன். தலைவலி என்று ஒரு பிள்ளை சொன்னதும் நாம் எல்லோரும் கேட்பது, "ரொம்ப வலிக்குதா?" என்றுதான். அதற்கு வருகிற பதிலை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. பிள்ளைகள் எல்லா வலியையும் பயங்கரம் என்றுதான் சொல்வார்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை உயிர் போகிற வலியிலும் "கொஞ்சம்தான் மிஸ்" என்று சொல்லும். அதனால் இப்படிக் கேளுங்கள்: "எப்போ ஆரம்பிச்சது? அப்போ நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

பசி, தூக்கமின்மை, கண்பார்வைக் குறை, காய்ச்சல், மைக்ரேன் என்று வகுப்பறையில் நாம் பார்க்கிற தலைவலிகளில் மிகப் பெரும்பான்மை மெதுவாக ஏறுகிறவை. எப்போது ஆரம்பித்தது என்று அந்தப் பிள்ளையால் சரியாகச் சொல்ல முடியாது. "ரெண்டாவது பீரியட்லேர்ந்து இருக்கும்" என்று இழுக்கும். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து வரும் வலி அப்படியில்லை. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும். அந்தப் பிள்ளைக்கு நொடி ஞாபகம் இருக்கும். "நீங்க போர்டுல மூணாவது கணக்கு எழுதும்போது" என்று சொல்லும். அப்படிச் சொன்னால், ஸ்கேன் எடுத்து இல்லை என்று தெரியும்வரை அதை மூளை ரத்தக்கசிவு என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். இப்படி வருகிறவர்களில் பலருக்கு ஸ்கேனில் ஒன்றும் இருக்காது, அதுவும் உண்மைதான். அப்படி ஒரு பிள்ளை திரும்பி வந்தால், வீணாக அலையவிட்டோமே என்று எந்த ஆசிரியரும் வருத்தப்பட வேண்டாம். டாக்டர்களான எங்களாலும் ஸ்கேன் இல்லாமல் வெளியிலிருந்து பார்த்து அதைச் சொல்ல முடியாது.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் அவசரப் பிரிவுக்கு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். 13 வயது. கூட வந்த கணக்கு ஆசிரியர் சொன்னதை நேரத்தோடு எழுதி வைத்திருந்தேன். அதை உங்கள் கூட்டத்தில் அப்படியே சொல்லலாம்.

காலை 11.40. பாதிக் கணக்கில் பேனாவைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு "சார், தலை" என்றான். முகம் வெளுத்துப்போயிருந்தது. இரண்டு நண்பர்கள் அவனை ஆசிரியர் அறைக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். வழியில் குழாயடியில் வாந்தி எடுத்தான். காலையில் சாப்பிடவில்லை என்று நண்பன் சொல்ல, பசி மயக்கமாக இருக்கும் என்று டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அதையும் வாந்தி எடுத்தான். தைலம் தேய்த்து ஒரு மாத்திரை கொடுத்தார்கள். 12.15க்கு பெஞ்சில் தூங்கிப்போனான். வலி குறைந்ததால்தான் தூங்குகிறான் என்று எல்லோருக்கும் நிம்மதி. ஃபேனைப் போட்டு, சத்தம் கேட்காமல் இருக்கக் கதவையும் சாத்தினார்கள். 1.20க்கு நண்பன் வந்து எழுப்பியபோது ஏதோ முனகினான், கண்ணைத் திறக்கவில்லை. இடது கை பெஞ்சிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்துப் பக்கத்து கிளினிக்குக்குப் போய், அங்கிருந்து ஆம்புலன்ஸில் எங்களிடம் வந்து சேர்ந்தபோது மணி 2.50.

ஸ்கேனில் மூளையின் வலது பக்கம் எலுமிச்சம்பழ அளவுக்கு ரத்தக்கட்டி. காரணம், பிறவியிலேயே இருந்த ஒரு ரத்தக்குழாய்ப் பின்னல். நீங்கள் அறிவியல் எடுப்பவர், இதை எளிதாக விளக்கிவிடலாம். தமனியில் வேகமாக வரும் ரத்தம் மெல்லிய தந்துகிகளில் பிரிந்து, வேகம் தணிந்த பிறகுதான் சிரைக்குப் போக வேண்டும். சில பிள்ளைகளுக்கு மூளையில் ஓரிடத்தில் அந்தத் தந்துகிகள் இல்லாமல், தமனியும் சிரையும் நூல்கண்டு சிக்கிய மாதிரி நேராகப் பின்னிக்கொண்டிருக்கும். தமனியின் அழுத்தம் முழுவதையும் தாங்குகிற மாதிரி சிரையின் சுவர் அமைந்திருக்காது. பல வருடம் ஒரு தொந்தரவும் தெரியாது. ஒருநாள் வெடிக்கும். அடிபடாமல் பிள்ளைகளின் மூளைக்குள் ரத்தம் கசிவதற்கு இதுதான் முக்கியமான காரணம். கணக்குப் போடும்போதும் வெடிக்கலாம், விளையாடும்போதும் வெடிக்கலாம். முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க ஆசிரியர்களுக்கு வழியே இல்லை. அந்தக் கணக்கு ஆசிரியர் எங்கள் வராந்தாவில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது அவரிடமும் இதைத்தான் முதலில் சொன்னேன்.

ஆனால் 12.15க்குப் பிறகு நடந்ததைப் பற்றி நாம் பேசத்தான் வேண்டும். மண்டையோடு நாலா பக்கமும் மூடிய எலும்புப் பெட்டி. உள்ளே ரத்தம் கட்டினால் அது விரிந்துகொடுக்காது. அழுத்தம்தான் ஏறும். அழுத்தம் ஏறும்போது வாந்தி வரும், பிறகு மயக்கம் கவியும். வெளியிலிருந்து பார்த்தால் அந்த மயக்கம் தூக்கம் மாதிரியே இருக்கும். அழுதுகொண்டிருந்த பிள்ளை அமைதியாகிவிட்டது என்று நமக்கு நிம்மதியாகவும் இருக்கும். மூடிய கதவுக்குப் பின்னால் அந்தப் பையன் தூங்கவில்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல் நினைவிழந்துகொண்டிருந்தான்.

இரண்டையும் பிரித்தறிவது கஷ்டமில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பேர் சொல்லிக் கூப்பிட்டு, தோளைத் தட்டி, ஆமாம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாத ஒரு கேள்வியைக் கேளுங்கள். "உன் கிளாஸ் டீச்சர் பேர் என்ன?" போதும். மைக்ரேனில் தூங்குகிற பிள்ளை எரிச்சலோடு கண்ணைத் திறக்கும், "தமிழ் மிஸ்தான்" என்று சரியாகச் சொல்லிவிட்டு, வெளிச்சம் படாமல் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுக்கும். அழுத்தம் ஏறுகிற பிள்ளை பாதி வார்த்தையில் நின்றுவிடும், அல்லது கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதாவது சொல்லும். இரண்டு தடவை தட்டியதும் பதில் சொன்ன பிள்ளைக்கு அடுத்த முறை நாலு தடவை தட்ட வேண்டியிருந்தால், நிலைமை மோசமாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கூடவே இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள், ஒரு கை தானாகத் தாழ்கிறதா என்று பாருங்கள். சிரிக்கச் சொல்லி, வாய் ஒரு பக்கம் கோணுகிறதா என்று பாருங்கள். இதில் எதுவுமே இல்லாவிட்டாலும், வலி நொடியில் வந்திருந்தால் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். இவை இருந்தால் அவசரம் இன்னும் கூடுகிறது, அவ்வளவுதான்.

சரி, 11.40க்கு என்ன செய்திருக்க வேண்டும்? முதலில் அந்தப் பிள்ளையை நடக்க விடக்கூடாது. எந்த நிமிடமும் விழலாம், வலிப்பும் வரலாம். வாந்தி வருகிறது என்று தனியாகப் பாத்ரூமுக்கு அனுப்பவே கூடாது. உட்கார்ந்த இடத்திலேயே தரையில் ஒரு துணியை விரித்துப் படுக்க வையுங்கள். பெஞ்ச் வேண்டாம், குறுகலானது, உருண்டால் கீழே விழும். நினைவு தெளிவாக இருந்தால் அதற்கு வசதியான மாதிரி படுக்கட்டும். வாந்தி வந்தாலோ கண் செருகினாலோ ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல்பக்கக் காலை மடக்கி முன்னால் ஊன்றி, வாய் கொஞ்சம் தரையைப் பார்க்கிற மாதிரி வையுங்கள். வாந்தி வெளியே வழியும், மூச்சுக்குழாய்க்குள் போகாது. டை, கழுத்துப் பட்டன், பெல்ட் எல்லாவற்றையும் தளர்த்திவிடுங்கள். மற்ற பிள்ளைகளை லீடரோடு பக்கத்து வகுப்புக்கு அனுப்பிவிடுங்கள். நாற்பது பேர் சுற்றி நின்றால் உங்களுக்கே கை ஓடாது.

வாய் வழியாக எதுவும் கொடுக்க வேண்டாம். தண்ணீர், டீ, குளுக்கோஸ், மாத்திரை எதுவுமே. நம் ஆசிரியர்களால் ஏற்றுக்கொள்ள முடியாத விஷயம் இதுதான் என்று எனக்குத் தெரியும். வலியில் துடிக்கிற பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் இருப்பது கல்நெஞ்சாகத் தோன்றும். ஆனால் நினைவு மங்குகிற பிள்ளைக்கு விழுங்கும் திறனும் தடுமாறும், குடித்தது நுரையீரலுக்குள் போகலாம். அவசர அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்துவிடும் ஆபத்தும் உண்டு. உதடு காய்ந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். மாத்திரையில் குறிப்பாக, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஆஸ்பிரின் வகை வேண்டவே வேண்டாம். அது ரத்தம் உறைவதைத் தடுக்கும், கசிகிற குழாய் அடைபடுவதைத் தாமதப்படுத்தும். தலைவலி சாதாரணமாகவே இருந்தாலும், டாக்டர் சொல்லாமல் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது. ஈரலையும் மூளையையும் பாதிக்கிற வேறொரு ஆபத்து அதில் இருக்கிறது. தைலம் கெடுதல் செய்யாது. ஆனால் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போகிற நேரம் போனதுதான்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், பல்லுக்கிடையில் கரண்டியோ துணியோ வைப்பதும் வேண்டாம். தலைக்கு அடியில் மடித்த துணி, பக்கத்திலிருக்கிற பெஞ்சை நகர்த்துவது, நேரம் பார்ப்பது, நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைப்பது. இவ்வளவுதான் நம் வேலை. மூச்சே நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்துகிற முதலுதவி வேண்டும். அதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. பொம்மையை வைத்துப் பழக்குகிற தனி வகுப்புக்கு எச்.எம்.மிடம் கேளுங்கள்.

இதற்குள் இன்னொரு ஆசிரியர் 108க்குப் பேசியிருக்க வேண்டும். "ஸ்கூல் பையனுக்குத் தலைவலி" என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்கு அதன் கனம் புரியாது. "13 வயசுப் பையன். 11.40க்கு திடீர்னு கடுமையான தலைவலி, உடனே வாந்தி, இப்போ மயக்கமா இருக்கான்" என்று சொல்லுங்கள். அப்புறம் பள்ளிக்கு வழி, பக்கத்தில் உள்ள அடையாளம். கேட் பக்கம் ஒரு ஆளை நிறுத்துங்கள். எந்த மருத்துவமனை என்பது முக்கியம். இரவும் பகலும் சி.டி. ஸ்கேன் ஓடுகிற இடம் வேண்டும், மூளை அறுவை நிபுணர் இருந்தால் இன்னும் நல்லது. அது உங்கள் பள்ளியிலிருந்து எங்கே இருக்கிறது என்று கூட்டத்துக்கு முன்பே விசாரித்து வைத்துவிடுங்கள். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஊசி போட்டுவிட்டுப் போகலாம் என்று இறங்கினால் அங்கேயே அரை மணி போய்விடும். வழியில் மூச்சுத் திணறினாலோ நினைவு முழுக்கத் தப்பினாலோ, எங்கே முதலில் நிறுத்துவது என்று ஆம்புலன்ஸில் வருகிற உதவியாளர் முடிவு செய்வார். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஆம்புலன்ஸ் வர ரொம்ப நேரமாகும் என்று தெரிந்தால் காரிலோ வேனிலோ கூட்டிப்போகலாம். பின் சீட்டில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஓட்டுகிறவரைத் தவிர ஒரு பெரியவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். பைக் மட்டும் வேண்டாம். இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்தால் மயங்கிய பிள்ளையின் தலை முன்பக்கம் தொங்கும், தாடை நெஞ்சில் இடிக்கும், மூச்சுக்குழாய் மடங்கும். அந்த நிலையில் வாந்தியும் வந்தால் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

பெற்றோருக்கு உடனே போன் செய்யுங்கள், ஆனால் அவர்கள் வரும்வரை காத்திருக்காதீர்கள். "அம்மா வந்துட்டிருக்காங்களாம், அரை மணியில வந்துடுவாங்க" என்று நிறுத்தி வைப்பது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. ஏதாவது ஆனால் பழி நம் மேல் வருமே என்கிற பயம் அதற்குப் பின்னால் இருக்கிறது. நேராக மருத்துவமனைக்கு வரச் சொல்லிவிடுங்கள். உயிர் காக்கிற சிகிச்சையைத் தொடங்கப் பெற்றோரின் கையெழுத்துக்காக நாங்கள் காத்திருப்பதில்லை.

வலி மெதுவாக வந்தாலும் அலட்சியம் செய்யக்கூடாத சந்தர்ப்பங்கள் இரண்டைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்று, அடி. பி.இ.டி. பீரியடில் பந்தோ மட்டையோ தலையில் பட்டு, எழுந்து நன்றாகவே விளையாடிய பிள்ளைக்குச் சில மணி நேரம் கழித்துத் தலைவலியும் வாந்தியும் வந்தால், மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் கட்டுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அடுத்த நாள் வந்தாலும் அப்படியே. அதனால் "நேத்தோ இன்னைக்கோ எங்கேயாவது அடிபட்டுச்சா?" என்று நண்பர்களிடமும் கேளுங்கள். திட்டு விழும் என்று அந்தப் பிள்ளை மறைத்திருக்கும். இன்னொன்று, காய்ச்சலோடு தலைவலி வந்து, கழுத்தை மடக்க முடியாமல், வெளிச்சத்துக்குக் கண் கூசி, குழப்பமாகப் பேசுவது. அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். கழுத்தை நீங்கள் பிடித்து மடக்கிப் பார்க்க வேண்டாம். தரையில் இருக்கிற புத்தகத்தைக் குனிந்து பார்க்க முடிகிறதா என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

உங்கள் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு ஆசிரியரை மாணவனாக நடிக்கச் சொல்லி, இதை ஒருமுறை செய்து பாருங்கள். ஒருவர் பிள்ளையோடு, ஒருவர் போனில், ஒருவர் மற்ற பிள்ளைகளோடு. பிள்ளையோடு இருப்பவர் கையில் ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும் இருக்க வேண்டும். வலி வந்த நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தான், வாந்தி எத்தனை முறை, ஒவ்வொரு ஐந்து நிமிடமும் கேள்விக்கு என்ன பதில் வந்தது, ஏதாவது மாத்திரை கொடுத்திருந்தால் அதன் பெயர். கொடுத்ததை மறைக்க வேண்டாம், நாங்கள் யாரையும் குற்றம் சொல்வதற்காகக் கேட்பதில்லை. அந்தச் சீட்டு பிள்ளையோடேயே வர வேண்டும், வலியைப் பார்த்த ஆசிரியரும் கூடவே வர வேண்டும்.

எங்கள் அவசரப் பிரிவு வாசலில் ஒரு நாளைக்கு எத்தனையோ தலைவலிகள் வருகின்றன. "தலைவலிங்க" என்று மட்டும் சொன்னால், காய்ச்சல் பார்த்துவிட்டு உட்காரச் சொல்லிவிட வாய்ப்பிருக்கிறது. "11.40க்கு நல்லா எழுதிட்டிருந்தான், ஒரே நிமிஷத்துல தாங்க முடியாத வலி வந்துச்சு, நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்" என்று சொல்லுங்கள். டாக்டர் ஸ்ட்ரெச்சரை நேராக ஸ்கேன் அறைக்குத் தள்ளச் சொல்வார்.